படமெடுத்த விண்ணப்பப் படிவத்திலிருந்து ஜேசன் பதிவு: டிக் கட்டங்களும் கையால் எழுதிய விவரங்களும்

கையால் நிரப்பிய விண்ணப்பப் படிவங்கள் கட்டாகக் கைக்கு வருகின்றன; அவற்றை அலைபேசியில் படமெடுத்து, ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு ஜேசன் பதிவு உருவாக்க வேண்டும். புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்கான வழிகாட்டி இது. ஒரே சூழலைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: எல்லாப் படிவங்களும் ஒரே அச்சுப்படியின் பிரதிகள், ஒவ்வொன்றும் ஒரு பக்கம், டிக் கட்டங்களும் எழுதும் இடங்களும் எல்லாப் பிரதியிலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. வெவ்வேறு வடிவப் படிவங்கள் கலந்து வந்தால் முதலில் அவற்றைப் பிரித்து அடுக்கிவிட்டுத் தொடங்குவது நல்லது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பதிவில் ஓர் இடம் காலியாக நிற்பதால் பெரிய கேடு ஒன்றும் வராது. யாராவது பார்த்து நிரப்பிவிடுவார்கள். தவறான மதிப்பு சரியான மதிப்பைப் போலவே உட்கார்ந்துவிட்டால் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கீழே சொல்லும் படிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைப் பிழையைத் தடுப்பதற்காகவே இருக்கின்றன.

முதற்படி: வெற்றுப் படிவத்தோடு உட்காருங்கள்

நிரப்பிய படிவங்களைத் தொடுவதற்கு முன், யாரும் எழுதாத ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை விவரங்கள் கேட்கப்படுகின்றன, ஒவ்வொன்றும் எந்த வகை என்று ஒரு தாளில் எழுதுங்கள். டிக் கட்டங்களில் மூன்று வகை உண்டு. பலவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய வரிசை முதல் வகை. எத்தனை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கக்கூடிய வரிசை இரண்டாவது. 'விதிமுறைகளை ஏற்கிறேன்' என்பதைப் போலத் தனியாக நிற்கும் ஒற்றைக் கட்டம் மூன்றாவது. இந்த மூன்றும் படத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும்; ஆனால் ஜேசனில் மூன்றுக்கும் மூன்று வடிவம் தேவை. முதலாவதற்கு ஒரு சரம் அல்லது `null`, இரண்டாவதற்கு ஒரு பட்டியல், மூன்றாவதற்கு `true` அல்லது `false`.

ஒற்றைக் கட்டத்தில் `false` என்பதற்குக் 'குறி எதுவும் இல்லை' என்பது மட்டுமே பொருள். விண்ணப்பதாரர் மறுத்துவிட்டார் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவர் அந்த வரியைக் கவனிக்காமலே போயிருக்கலாம். ஆகவே புலத்தின் பெயரை `consent` என்று வைப்பதைவிட `consent_ticked` என்று வைப்பதே நேர்மையானது. 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள் அருகருகே இருக்குமானால் கதை வேறு. அங்கே இரண்டுமே காலியாக இருந்தால் `false` என்று எழுதுவது பிழை. `null` என்றுதான் எழுத வேண்டும்.

எண்களைப் போலத் தோன்றும் விவரங்களையும் இப்போதே தீர்மானித்துவிட வேண்டும். படிவ எண் 004127 என்று இருந்தால் அதைச் சரமாக, மேற்கோள் குறிகளுக்குள் வைக்க வேண்டும். ஜேசன் விதிப்படி ஓர் எண் முன்பூச்சியங்களோடு தொடங்க முடியாது. பூச்சியத்தை நீக்கிவிட்டாலோ அது வேறு படிவ எண்ணாகிவிடும். தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, கணக்கு எண் ஆகியவற்றுக்கும் இதே விதி. கூட்டவோ கழிக்கவோ போகாத எதையும் சரமாக வைப்பது என்பது எளிதில் நினைவில் நிற்கும் அளவுகோல். தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் `1998-03-17` என்று வைத்தால் பிற்பாடு குழப்பம் வராது.

இரண்டாம் படி: படம்

ஏ4 தாள் 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் உடையது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அடர்த்தியில் அது 2480 × 3508 பிக்சல் ஆகும். ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 12 பிக்சல். 4000 × 3000 பிக்சல் தரும் அலைபேசிக் கேமராவில் தாள் சட்டம் முழுவதையும் நிறைத்தால் இந்த அடர்த்தி கிடைத்துவிடும். தாள் சட்டத்தின் பாதியை மட்டுமே பிடித்திருந்தால் கிடைக்காது. பிறகு படத்தைப் பெரிதாக்குவதால் இழந்த விவரம் திரும்பி வரப்போவதில்லை.

மேலிருந்து நேராக, தாளின் நான்கு மூலைகளும் தெரியும்படி, கைநிழல் தாளில் விழாதபடி எடுக்க வேண்டும். மடிப்பும் சுருக்கமும் உள்ள தாளை ஒரு பலகைமேல் தட்டையாக விரித்துவைத்து எடுங்கள். அடுத்த படியில் வரும் கணக்கு தாள் தட்டையானது என்று எண்ணிக்கொண்டே வேலை செய்கிறது. வளைந்த தாளின் வளைவை அதனால் நிமிர்த்த முடியாது. படத்தை உரையாடல் செயலி வழியாக அனுப்பினால் அது பெரும்பாலும் சுருக்கப்பட்டே போய்ச் சேரும் என்பதால், கோப்பாகவே அனுப்பிக்கொள்ளுங்கள்.

படம் பக்கவாட்டில் படுத்திருக்கும் சிக்கல் புதியவர்கள் பலரை அலைக்கழிப்பது. அலைபேசி படத்தைச் சுழற்றாமல், 'இதைச் சுழற்றிக் காட்டவும்' என்ற குறிப்பை மட்டும் கோப்புக்குள் எழுதிவைக்கிறது. ஓபன்சிவி நூலகத்தின் `cv2.imread` வழக்கமாக அந்தக் குறிப்பை மதித்துச் சுழற்றிவிடும். பில்லோ நூலகத்தின் `Image.open` சுழற்றாது, அங்கே `ImageOps.exif_transpose` என்பதை நாமே அழைக்க வேண்டும். ஒன்றில் அளந்த ஆயங்களை, அதாவது கட்டங்களின் இட அளவுகளை, இன்னொன்றில் பயன்படுத்தினால் எல்லாக் கட்டங்களும் காணாமல் போனது போலத் தோன்றும்.

மூன்றாம் படி: தாளை நேராக்குதல்

எவ்வளவு கவனமாக எடுத்தாலும் படத்தில் தாள் செவ்வகமாக இராது. சற்றே சரிந்த நாற்கரமாகவே இருக்கும். தெரிந்த நான்கு புள்ளிகள் கிடைத்தால் அதை நேரான செவ்வகமாக மாற்றிவிடலாம். அந்த நான்கு புள்ளிகளாகத் தாளின் மூலைகளைக் கொள்ளாமல், அச்சிலேயே உள்ள நான்கு அடையாளங்களைக் கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். அச்சுப்பொறியில் தாள் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் போவது சாதாரணம். அப்போது தாளின் ஓரம் அசையாமல் இருக்க, கட்டங்கள் மட்டும் இடம் மாறிவிடும். படிவத்தைச் சுற்றி ஒரு வெளிச்சட்டம் அச்சாகியிருந்தால் அதன் நான்கு முனைகளே போதும். நான் எடுத்துக்கொண்ட மாதிரிப் படிவத்தில் அந்தச் சட்டம் ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே, அதாவது 118 பிக்சலில் இருக்கிறது.

```python
import cv2, numpy as np

img = cv2.imread("form_004127.jpg")
src = np.float32([[412, 305], [2731, 338],
                  [2790, 3702], [371, 3668]])
dst = np.float32([[118, 118], [2362, 118],
                  [2362, 3390], [118, 3390]])
M = cv2.getPerspectiveTransform(src, dst)
page = cv2.warpPerspective(img, M, (2480, 3508))
```

`src` என்பது படத்தில் அந்த நான்கு முனைகள் இருக்கும் இடம். `dst` என்பது அவை இருக்க வேண்டிய இடம். இரண்டிலும் வரிசை மாறக் கூடாது: இடது மேல், வலது மேல், வலது கீழ், இடது கீழ். தொடக்கத்தில் பத்துப் படிவங்களுக்கு இந்தப் புள்ளிகளைப் படம் பார்க்கும் மென்பொருளில் கையாலேயே அளந்து எழுதுங்கள். தானாகக் கண்டுபிடிக்கும் நிரலைப் பிற்பாடு எழுதும்போது, அதன் விடையைச் சரிபார்க்க இந்த அளவுகள் கைகொடுக்கும்.

நேராக்கிய வெற்றுப் படிவத்தின் மீது ஒவ்வொரு கட்டத்தின் இடது மேல் முனை, அகலம், உயரம் ஆகியவற்றை ஒருமுறை அளந்து ஒரு கோப்பில் எழுதிவைத்தால், எல்லாப் படிவங்களுக்கும் அதுவே வரைபடம்.

நான்காம் படி: டிக் கட்டங்களை வாசித்தல்

கட்டத்துக்குள் எவ்வளவு பங்கு மை படிந்திருக்கிறது என்று அளப்பதே அடிப்படை உத்தி. கேட்க எளிதாக இருந்தாலும் மூன்று இடங்களில் இது வழுக்கும்.

முதலாவது மையின் நிறம். படத்தைச் சாம்பல் நிறமாக்கும்போது வெளிர் நீலப் பேனாவின் கோடு மங்கிவிடுகிறது. சிவப்புத் தடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நீல மை கருத்துத் தெரியும். ஆனால் யாராவது சிவப்புப் பேனாவால் டிக் செய்திருந்தால் அது அடியோடு மறைந்துபோகும். மூன்று வண்ணத் தடங்களில் எது மிகக் கருமையோ அதை ஒவ்வொரு புள்ளிக்கும் எடுத்துக்கொள்வது இரண்டையும் காப்பாற்றும். படிவத்தின் கட்டங்களே வண்ணத்தில் அச்சாகியிருந்தால் மட்டும் வேறு வழி யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, எது மை, எது தாள் என்று பிரிக்கும் எல்லை. ஒட்ஸு முறை என்பது கருப்பையும் வெள்ளையையும் தானாகப் பிரிக்கும் புகழ்பெற்ற உத்தி. ஆனால் அதை ஒரு சிறு கட்டத்துக்குள் மட்டும் ஓட்டினால் ஏமாற்றும். எப்படியாவது இரண்டு கூட்டமாகப் பிரித்தே தீருவது அதன் இயல்பு என்பதால், மையே இல்லாத வெற்றுக் கட்டத்தில் தாளின் நுண்ணிய புள்ளிகளையே இரண்டாகப் பிரித்து, பாதிக் கட்டம் நிரம்பியிருப்பதாகச் சொல்லிவிடும். அதனால் கட்டத்தைச் சுற்றியுள்ள தாளின் வெண்மையை அளந்து, அதைவிடத் தெளிவாகக் கருத்த புள்ளிகளை மட்டும் மையாக எண்ணுகிறேன். நிழல் விழுந்த மூலையிலும் இது தாக்குப்பிடிக்கும், ஏனெனில் அங்கே கட்டமும் சுற்றுப்புறமும் சேர்ந்தே இருள்கின்றன.

```python
dark = page.min(axis=2)

def ink_ratio(x, y, w, h):
    m = int(min(w, h) * 0.18)
    inner = dark[y+m:y+h-m, x+m:x+w-m]
    around = dark[max(0, y-h):y+2*h, max(0, x-w):x+2*w]
    paper = np.percentile(around, 90)
    return float((inner < paper * 0.7).mean())
```

மூன்றாவது, கட்டத்தின் அச்சுக்கோடு. அதை மையாக எண்ணிவிடாதிருக்கத்தான் ஒவ்வொரு பக்கத்திலும் 18 சதவீதத்தை விட்டுவிட்டு உட்புறத்தை மட்டும் பார்க்கிறோம். 5 மி.மீ. கட்டம் 59 பிக்சல். பத்துப் பத்துப் பிக்சல் விட்டால் உள்ளே 39 பிக்சல் மிஞ்சும். இப்போது நேராக்குவதில் ஒரு மில்லிமீட்டர், அதாவது 12 பிக்சல் தவறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 3 பிக்சல் தடிப்புள்ள அச்சுக்கோடு முழுவதுமாக உள்ளே வந்துவிடும். ஆளே தொடாத கட்டத்தின் அளவு 0.07 அல்லது 0.08 என்று எழும். ஒரு படிவத்தில் ஏறத்தாழ எல்லாக் கட்டங்களும் இப்படி ஒரே மாதிரிச் சிறு அளவைக் காட்டினால், விண்ணப்பதாரர் எல்லாவற்றிலும் லேசாகக் கிறுக்கினார் என்று எண்ண வேண்டாம். தாள் சரியாக நேராகவில்லை. மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

எந்த அளவுக்கு மேல் டிக் என்று கொள்வது? இதற்கு வெளியிலிருந்து ஓர் எண்ணைக் கடன் வாங்க வேண்டாம். நாற்பது ஐம்பது படிவங்களின் எல்லாக் கட்டங்களையும் அளந்து, அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்திப் பாருங்கள். காலிக் கட்டங்கள் ஒரு பக்கம் குவிந்திருக்கும், டிக் செய்தவை இன்னொரு பக்கம் குவிந்திருக்கும், நடுவில் ஆள்நடமாட்டம் குறைந்த ஓர் இடைவெளி இருக்கும். மாதிரிப் படிவத்தில் 0.02-க்குக் கீழே காலி, 0.09-க்கு மேலே டிக் என்று கொண்டேன். 39 பிக்சல் சதுரத்தில் 6 பிக்சல் தடிப்புள்ள கோட்டால் ஒரு சாதாரண டிக் போட்டால் ஏறத்தாழ 0.15 வரும் என்பதால் இந்த எல்லை கணக்கோடும் ஒத்துப்போகிறது. இரண்டுக்கும் நடுவே விழுவது எதுவானாலும் அதை இயந்திரம் தீர்மானிக்கக் கூடாது. மனிதப் பார்வைக்கு அனுப்ப வேண்டும். ஒரே எல்லை வைத்து இருகூறாக வெட்டுபவர்கள் இந்த நடுப்பகுதியைத்தான் தவறாகப் பதிவுசெய்கிறார்கள்.

மையின் அளவு சொல்ல முடியாத சங்கதிகளும் உண்டு. சிலர் கட்டத்தை விட்டுவிட்டு அருகிலுள்ள சொல்லைச் சுற்றி வட்டமிடுவார்கள். சிலர் விரும்பியதற்கு டிக்கும் விரும்பாதவற்றுக்குப் பெருக்கல் குறியும் போடுவார்கள். அப்போது எல்லாக் கட்டங்களும் நிரம்பியவையாகவே அளக்கப்படும். ஆகையால் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய வரிசையில் குறியிட்டவை ஒன்றைவிட மிகுதியாக இருந்தாலும், ஒன்றுகூட இல்லாவிட்டாலும், அந்த வரிசையின் படத்துண்டை வெட்டி எடுத்து ஒருவர் கண்ணால் பார்ப்பதுதான் வழி. மிகுதியான மை உள்ள கட்டமே விடை என்று நிரல் எழுதிவிடாதீர்கள். அடித்துத் திருத்திய கட்டத்தில்தான் எப்போதும் மை மிகுதி.

ஐந்தாம் படி: கையெழுத்து

எழுதும் இடங்களை முழுப் பக்கமாக வாசிக்கவைக்காமல், வரைபடத்தில் உள்ள ஆயங்களைக் கொண்டு ஒவ்வோர் இடத்தையும் தனித்தனிப் படத்துண்டாக வெட்டி எடுங்கள். கோட்டுக்கு மேலும் கீழும் சில மில்லிமீட்டர் கூடுதலாகவே வெட்டுங்கள், ஏனெனில் கையெழுத்து கோட்டை மதிப்பதில்லை. துண்டில் மை அளவு ஏறத்தாழ இல்லையென்றால் அந்த இடம் காலி என்று அப்போதே குறித்துவிட்டு, வாசிக்க அனுப்பாமல் விட்டுவிடலாம்.

அச்செழுத்துக்காகச் செய்யப்பட்ட எழுத்துணரிகள், டெசராக்ட் உட்பட, கையெழுத்தில் தடுமாறும். கையெழுத்துக்கென்றே பயிற்றுவிக்கப்பட்ட மாதிரிகள் இதைவிட நன்றாக வாசிக்கின்றன. ஆனால் அவற்றில் வேறொரு அபாயம் இருக்கிறது. புரியாத எழுத்துக்குப் பதிலாக, அந்த இடத்தில் வழக்கமாக வரக்கூடிய சொல்லை அவை நிரப்பிவிடும். ஊர்ப்பெயரும் அஞ்சல் குறியீடும் பொருந்தாமல் எழுதப்பட்டிருந்தால் பொருந்துமாறு 'திருத்தி' வாசிப்பதும் நடக்கும். எழுதியதை எழுதியபடியே எடுப்பதுதான் நம் வேலை. ஆகவே எந்தக் கருவியால் வாசித்தாலும், வாசித்த எழுத்துகளை `raw` என்ற புலத்தில் அப்படியே வைத்து, அதிலிருந்து சீராக்கிய மதிப்பை `value` என்ற வேறு புலத்தில் வையுங்கள். படிவங்கள் சில நூறுக்குள் இருந்தால், படத்துண்டுகளை வரிசையாகத் திரையில் காட்டி ஒருவர் தட்டச்சு செய்வதே விரைவானது என்பது என் அபிப்பிராயம். எல்லாப் பிறந்த தேதிகளையும் தொடர்ச்சியாக, பிறகு எல்லாத் தொலைபேசி எண்களையும் தொடர்ச்சியாக என்று புலம் புலமாகப் போனால் கையும் கண்ணும் பழகிவிடும்.

தமிழில் நிரப்பிய படிவங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அவசரக் கையெழுத்தில் புள்ளிகள் விடுபடும். ர-வும் துணைக்காலும் ஒன்றாகத் தெரியும். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரித்தறிய முடியாது. பெயர்களில் இவற்றை 'இப்படித்தான் இருக்கும்' என்று நாமாகத் திருத்தினால் ஒருவருடைய பெயரையே மாற்றிவிட்டவர்கள் ஆவோம். சேமிக்கும் முன் எழுத்துகளை யூனிகோடின் NFC வடிவத்துக்கு மாற்றுவதும் அவசியம். 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, தேடலில் இரண்டும் வேறு. NFC இதைச் சரிசெய்யும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ள-வும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் அது சரிசெய்யாது. அதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு படிவம், அருகிலிருந்து

மாதிரிப் படிவம் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்வதற்கானது. படிவ எண் 004127. விண்ணப்பித்த தேதி 14-03-2025 என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. பிறந்த தேதிக்கு எட்டுச் சிறு கட்டங்கள்; அவற்றுக்குக் கீழே 'நாள், மாதம், ஆண்டு' என்று அச்சாகியிருப்பதால் வரிசையில் ஐயமில்லை. மாதம் 03, ஆண்டு 1998. நாளின் முதல் இலக்கம் 1. இரண்டாவது இலக்கம் 1 போலவும் இருக்கிறது, 7 போலவும் இருக்கிறது. 11 மார்ச், 17 மார்ச் இரண்டுமே நாட்காட்டியில் உள்ள தேதிகள் என்பதால் 'இது செல்லுபடியாகும் தேதியா?' என்ற சோதனை இங்கே உதவாது.

வகுப்பு நேரத்துக்குக் காலை, மாலை, வார இறுதி என்று மூன்று கட்டங்கள். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மை அளவு காலைக்கு 0.47, மாலைக்கு 0.14, வார இறுதிக்கு 0.03. விதிமுறைகளை ஏற்கும் ஒற்றைக் கட்டத்தில் 0.01. இந்த நிலையில் இயந்திரம் உருவாக்க வேண்டிய பதிவு இது:

```json
{
  "form_no": "004127",
  "applied_on": "2025-03-14",
  "birth_date": {
    "raw": "1? 03 1998",
    "value": null,
    "candidates": ["1998-03-11", "1998-03-17"],
    "status": "unclear"
  },
  "time_slot": {
    "ink": {"morning": 0.47, "evening": 0.14,
            "weekend": 0.03},
    "value": null,
    "status": "conflict"
  },
  "consent_ticked": {
    "ink": 0.01, "value": false, "status": "read"
  }
}
```

`status` என்ற புலத்தைக் கவனியுங்கள். `null` என்று மட்டும் எழுதியிருந்தால், விண்ணப்பதாரர் ஒன்றும் எழுதவில்லையா, எழுதியது புரியவில்லையா, இரண்டு விடைகள் முட்டிக்கொள்கின்றனவா என்று பிற்பாடு யாருக்கும் தெரியாது. நான் ஐந்து சொற்களோடு நிறுத்திக்கொள்கிறேன்: `read`, `blank`, `unclear`, `conflict`, மனிதர் பார்த்துத் தீர்த்தபின் `reviewed`. இதைவிடப் பெருக்கினால் ஒருவர் ஒன்றையும் மற்றவர் இன்னொன்றையும் பயன்படுத்தத் தொடங்கிவிடுவார்கள்.

இப்போது மனிதப் பார்வை. வகுப்பு நேர வரிசையின் துண்டைத் திறந்தால் ஒரே நோட்டத்தில் விளங்கிவிடுகிறது. காலைக் கட்டத்தில் முதலில் ஒரு டிக் போட்டு, மனம் மாறி, அதன்மேல் நான்கைந்து முறை குறுக்கே அடித்திருக்கிறார், 0.47 வந்தது அதனால்தான். மாலையில் தெளிவான டிக். அந்த டிக்கின் நீண்ட வால் பக்கத்துக் கட்டத்துக்குள் சற்று நுழைந்திருப்பதே வார இறுதியின் 0.03. ஆகவே விடை மாலை. மை மிகுந்ததைத் தேர்ந்தெடுக்கும் நிரல் இவரைக் காலை வகுப்பில் சேர்த்திருக்கும்.

பிறந்த தேதிக்கு அதே படிவத்தில் உள்ள மற்ற இலக்கங்களைப் பார்க்க வேண்டும். ஒருவர் எழுதும் 7-ஐ அவருடைய இன்னொரு 7-ஓடு ஒப்பிடுவதுபோல வேறு சான்று கிடையாது. இவருடைய தொலைபேசி எண்ணில் 7 இரண்டு முறை வருகிறது. இரண்டிலும் மேல்கோடு குட்டையாகவும் கீழ்நோக்கிச் சரிந்தும் இருக்கிறது. விண்ணப்பித்த தேதியின் 14-இலும், ஐயமில்லாத மற்ற இடங்களிலும் 1 என்பது மேல்கோடே இல்லாத வெறும் செங்குத்துக் கோடு. ஐயத்துக்குரிய இலக்கத்தில் அந்தக் குட்டை மேல்கோடு இருக்கிறது. ஆகவே 7 என்று சாய்கிறோம்.

படிவத்தில் 'நிறைவடைந்த வயது' என்ற இடத்தில் 26 என்று எழுதியிருக்கிறார். 11-03-1998-இல் பிறந்திருந்தால் விண்ணப்பித்த அன்று 27 நிறைந்திருக்கும்; 17-03-1998 என்றால் இன்னும் மூன்று நாள் பாக்கி, 26-தான். இரண்டு சான்றும் ஒரே பக்கம் நிற்கின்றன. வயதை மட்டும் வைத்து நான் தீர்மானித்திருக்க மாட்டேன், வயதைக் குத்துமதிப்பாக எழுதுபவர்கள் ஏராளம்; எழுத்தின் வடிவத்தோடு சேர்ந்து வரும்போது ஏற்றுக்கொள்ளலாம்.

```json
"birth_date": {
  "raw": "1? 03 1998",
  "value": "1998-03-17",
  "status": "reviewed",
  "basis": "தொலைபேசி எண்ணில் உள்ள 7-இன் வடிவம்; வயது 26"
}
```

`raw` மாறவில்லை என்பதைப் பாருங்கள். நாம் தீர்மானித்தது தவறு என்று நாளை தெரிந்தால், எங்கே தீர்மானித்தோம், எதை வைத்துத் தீர்மானித்தோம் என்பது பதிவிலேயே இருக்கிறது. சான்றுகள் இரண்டும் முரண்பட்டிருந்தால் `value` `null`-ஆகவே நிற்கட்டும், விண்ணப்பதாரரிடமே கேட்டுக்கொள்ளலாம். ஒப்புதல் கட்டத்தின் `false` ஐயமற்றது. அங்கே உண்மையிலேயே குறி இல்லை. அதற்கு என்ன செய்வது என்பது விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் தீர்மானிக்க வேண்டியது, பதிவு செய்பவர் தீர்மானிக்க வேண்டியது அன்று.

ஆறாம் படி: எழுதிவைத்தலும் சோதித்தலும்

பைத்தானில் பதிவை எழுதும்போது இரண்டு அமைப்புகளை மறக்க வேண்டாம்.

```python
json.dumps(rec, ensure_ascii=False, allow_nan=False, indent=2)
```

முதலாவது இல்லையென்றால் தமிழ் எழுத்துகள் `\u0b95` போன்ற குறியீடுகளாக எழுதப்படும். அது பிழையன்று, ஆனால் கோப்பைத் திறந்து கண்ணால் சரிபார்க்க முடியாது. இரண்டாவது இதைவிட முக்கியமானது. கட்டத்தின் ஆயம் தவறிப் பக்கத்துக்குச் சற்று வெளியே போய்விட்டால், வெட்டி எடுத்த துண்டு வெறுமையாகி, மை அளவு `NaN` என்று வரக்கூடும். பைத்தான் அதை மறுக்காமல் கோப்பில் எழுதிவிடும். `NaN` ஜேசனில் செல்லாது என்பதால் வேறு மென்பொருள் அந்தக் கோப்பைத் திறக்கும்போதுதான் உடைவது தெரியவரும். `allow_nan=False` என்று வைத்தால் எழுதும் இடத்திலேயே நிரல் நின்றுவிடும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், ஐம்பது படிவங்களை எழுந்தமானமாக எடுத்து, இயந்திரத்தின் விடையைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, தாளைப் பார்த்தே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். இரண்டையும் புலம் புலமாக ஒப்பிட்டு எண்ணும்போது, மொத்தமாக எத்தனை சதவீதம் பொருந்தியது என்ற ஒற்றை எண்ணோடு நிறுத்திவிட வேண்டாம். `status` என்பது `read` என்று இருந்தும் மதிப்பு தவறாக இருக்கும் இடங்களைத் தனியே எண்ணுங்கள்; ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாத பிழைகள் அவை. அவை டிக் கட்டங்களில் மிகுந்தால் நடுப்பகுதியை அகலமாக்குங்கள். குறிப்பிட்ட ஒரே கட்டத்தில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கட்டத்தின் ஆயத்தை மறுபடி அளந்து பாருங்கள். கையெழுத்துப் புலங்களில் மிகுந்தால், அந்தப் புலத்தை மட்டும் இருவர் தனித்தனியே தட்டச்சு செய்து, மாறுபடும் இடத்தை மூன்றாமவர் பார்க்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பப் படிவம் ஒவ்வொன்றும் ஒருவருடைய பிறந்த தேதியையும் முகவரியையும் தாங்கியிருக்கிறது. ஒப்பிடுவதற்காக எடுத்த ஐம்பது பிரதிகளும், வெட்டி எடுத்த ஆயிரக்கணக்கான படத்துண்டுகளும், அலைபேசியின் படத்தொகுப்பில் தங்கிவிட்ட மூலப் படங்களும் எங்கெங்கே கிடக்கின்றன என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு பட்டியலாக எழுதிவைத்தால், வேலை முடிந்த அன்று எதை எங்கிருந்து அழிக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.